அம்மை போட்ட பிள்ளை எப்போது பள்ளிக்குப் போகலாம்?

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் போன ஞாயிறு மாலை வயிற்றில் மூன்று கொப்புளம் தெரிந்தது. திங்கள் டாக்டர் பார்த்து சின்னம்மை என்றார். இன்று சனி. நேற்று முதல் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடக் கூடாது என்கிறார் மாமியார். பள்ளியில் 15 நாள் வராதீர்கள் என்கிறார்கள். டாக்டர் ஒரு வாரம் என்றார். திங்கள் பரீட்சை. யார் சொல்வது சரி? 4 வயது மகள் நன்றாக இருக்கிறாள், அவளையும் நிறுத்த வேண்டுமா? 5 மாதக் கர்ப்பிணியான என் நாத்தனார் அந்த ஞாயிறு முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தார். தட்டம்மைக்கும் கை கால் வாய் நோய்க்கும் இதே கணக்குதானா?"

முதலில் உங்கள் நாத்தனார் விஷயம். பரீட்சையைவிட அதுதான் அவசரம். அவருக்குச் சிறு வயதில் சின்னம்மை வந்திருக்கிறதா என்று இன்றைக்கே அவர் அம்மாவிடம் கேளுங்கள். வந்திருந்தாலோ, சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டிருந்தாலோ பயமில்லை. இரண்டும் இல்லை, அல்லது யாருக்கும் நினைவில்லை என்றால், அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் உடனே பேச வேண்டும். உடம்பில் சின்னம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதிர்ப்பு இல்லையென்றால் அதற்கென்று ஓர் ஊசி இருக்கிறது. அம்மை போட்ட பிள்ளையோடு பழகிய நாளிலிருந்து 10 நாளுக்குள் அதைப் போட வேண்டும். அவர் வந்தது ஞாயிறு, ஆகவே கெடு வருகிற புதன்கிழமை. ஊசியா, மாத்திரையா, ஒன்றும் வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சின்னம்மைத் தடுப்பூசி வேறு, கர்ப்ப காலத்தில் அதைப் போட மாட்டார்கள், கேட்டு அலைய வேண்டாம். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பிள்ளைக்குக் கொப்புளம் தெரிந்ததே மாலையில்தானே என்று நினைக்காதீர்கள். தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே, மூச்சுக் காற்றின் வழியாகவே இது பரவ ஆரம்பித்துவிடும்.

இனி பையன். நான் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வி கேட்காத வீடே இல்லை. உங்கள் மாமியார், பள்ளி, டாக்டர் மூவரும் நாளைத்தான் எண்ணுகிறார்கள். சின்னம்மைக்கு நாளைவிடத் தோலைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் கொப்புளமும் நீர் வற்றிப் பொருக்கு கட்டிவிட்டால் பரவாது. ஒன்றே ஒன்று ஈரமாக இருந்தாலும் பரவும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் கொப்புளம் தெரிந்ததிலிருந்து 5 முதல் 7 நாளில் இந்த நிலை வந்துவிடும். டாக்டர் சொன்ன ஒரு வாரம் அந்தக் கணக்கு. பொருக்கு உதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், பள்ளி சொல்லும் 15 நாள் அங்கிருந்து வருகிறது. ஆனால் காய்ந்த பொருக்கிலிருந்து யாருக்கும் தொற்றாது. அது உதிரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக் காரணம் இல்லை.

ஆக, உங்கள் பையன் திங்களன்று போகலாமா என்பதை நாளை ஞாயிறு காலை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், தப்பு நடப்பது இங்கேதான். சின்னம்மை ஒரே தடவையில் வந்து முடிவதில்லை. மூன்று நான்கு நாளுக்கு அலை அலையாக வரும். வயிற்றில் முதலில் வந்தது காயும்போது முதுகில் புதிதாக ஒன்று சிவந்து நிற்கும். ஒரே உடம்பில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் சேர்ந்து இருப்பதுதான் சின்னம்மையின் அடையாளமே. அதனால் வயிற்றையும் கையையும் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பிள்ளையை ஜன்னலோர வெளிச்சத்தில் நிறுத்தி, உடுப்பு முழுவதையும் கழற்றிப் பாருங்கள். தலைமுடியைச் சீப்பால் வகிடு எடுத்து எடுத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாகக் காய்வது பெரும்பாலும் தலையிலும் இடுக்குகளிலும் இருப்பவைதான். வாய்க்குள் வருபவை பொருக்கு கட்டாது, புண்ணாகி ஆறும். அங்கே புதிதாக ஒன்றும் இல்லாமல் பழையது ஆறியிருந்தால் போதும்.

இன்னொன்று. நம் வீடுகளில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம். அந்தப் பூச்சு காய்ந்தால் பார்ப்பதற்கு அசல் பொருக்கு மாதிரியே இருக்கும், அடியில் கொப்புளம் ஈரமாக இருக்கும். ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். அசல் பொருக்கு பழுப்பாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கொப்புளம் என்றால் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் பளபளக்கும். நாளை காலை பார்த்து எங்கெங்கே ஈரம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் அதே இடங்களை மறுபடி பாருங்கள். எல்லாம் காய்ந்து, கடந்த ஒரு நாளில் புதிதாக எதுவும் முளைக்காமல், காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே உடம்பு சூடில்லாமல் இருந்தால் திங்கள் பரீட்சைக்கு அனுப்புங்கள். தலையில் இரண்டு மட்டும் ஈரமாக இருக்கிறது என்றால் திங்கள் வேண்டாம், செவ்வாயோ புதனோ போகலாம். "இரண்டுதானே, தலையில்தானே, யாருக்குத் தெரியும்" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பையனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் கணக்கு சற்று மாறும். ஊசி போட்டும் அம்மை வருகிற பிள்ளைகளுக்குப் புள்ளிகள் குறைவாக இருக்கும், பல சமயம் நீர் கோக்காமலேயே சிவந்து அடங்கிவிடும். அவர்களிடம் பொருக்கைத் தேடினால் கிடைக்காது. 24 மணி நேரம் புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதே அங்கே அளவு.

தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி. உங்கள் மாமியார் சொல்வதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. என் வீட்டிலும் வாசலில் வேப்பிலை செருகித்தான் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அம்மா வந்திருக்கும் வீட்டுக்கு வெளியார் போகக் கூடாது, பிள்ளையும் வெளியே போகக் கூடாது என்கிற கட்டு, நோய் எப்படிப் பரவும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் தண்ணீர் ஊற்றும் நாள் ஒற்றைப்படையாக, நல்ல கிழமையாகப் பார்த்து வைக்கப்படுகிறது. தோலுக்கு அந்தக் கிழமை தெரியாது. மூன்றாம் தண்ணீர் 9ஆம் நாளோ 11ஆம் நாளோ வந்தால் அதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும், தப்பில்லை, இரண்டு மூன்று நாள் கூடுதலாக வீட்டில் இருப்பான். முகூர்த்தமோ பயணமோ குறுக்கே வந்து தண்ணீரை நெருக்கி ஊற்றும்போதுதான் ஆபத்து.

அப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கிராமத்தில் 6 வயதுப் பெண் பிள்ளை. சொந்தக்காரக் கல்யாணம் இருந்ததால் மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று அடுத்தடுத்துத் தண்ணீர் ஊற்றி, அம்மா இறங்கிவிட்டாள் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். காலையில்தான் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கையையும் முகத்தையும் பார்த்தேன், காய்ந்திருந்தது. தலையை வகிடு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பதினைந்து நாள் கழித்து அதே கல்யாணத்துக்குப் போன மூன்று வீடுகளில் அம்மை. அதில் ஒரு பையன் சிறுநீரக நோய்க்கு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அன்றிலிருந்து தலையைப் பார்க்காமல் யாரையும் நான் அனுப்பச் சொன்னதில்லை.

சிலர் கேட்பார்கள், புள்ளி தெரிவதற்கு முன்பே பரவிவிடும் என்றால் வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே போயிருக்குமே, பிறகு எதற்கு நிறுத்துவது என்று. கடைசியாக உங்கள் பையன் பள்ளிக்குப் போனது வெள்ளிக்கிழமையாக இருந்தால், ஒரு நாள் மட்டும்தான் வகுப்பில் பரவ வாய்ப்பு இருந்திருக்கிறது. கொப்புளத்தோடு போனால் அது ஐந்தாறு நாளாகும். வகுப்பில் மேலே சொன்ன பையனைப் போல ஒரு பிள்ளை இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை இருக்கலாம், டீச்சர் கர்ப்பமாக இருக்கலாம். இதை வீட்டில் இருந்துகொண்டு நாம் தெரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் மகள். இப்போது அவளை நிறுத்த வேண்டியதில்லை. சின்னம்மை உடம்புக்குள் போய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி வரும். அண்ணனிடமிருந்து பரவ ஆரம்பித்தது புள்ளி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பு, அதாவது போன வாரம் வெள்ளிக்கிழமை. அதிலிருந்து 10 நாள் எண்ணினால் இந்தத் திங்கள். ஆகவே திங்கள் முதல் மூன்று வாரம், தினமும் காலையில் குளிப்பாட்டும்போது அவள் வயிறு, முதுகு, தலை மூன்றையும் பாருங்கள். ஒரு புள்ளி தெரிந்தாலும், காரணமில்லாமல் காய்ச்சல் அடித்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். அந்த மூன்று வாரமும் நாத்தனார் வீட்டுக்கோ, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கோ அவளைக் கூட்டிப்போக வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குக் கொப்புளம் அதிகமாக வருவது வழக்கம், ராப்பகலாக அண்ணன் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள் அல்லவா.

அவளுக்குத் தடுப்பூசி போட்டால் தடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வீட்டில் ஒருவருக்கு வந்ததும் 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டால் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ முடியும். உங்கள் விஷயத்தில் அந்த நாள் கடந்துவிட்டது. இந்த முறை அவளுக்கு வராமல் தப்பினால் பிறகு மருத்துவரைக் கேட்டு இரண்டு தவணையும் போட்டுவிடுங்கள். சின்னம்மை ஊசி அரசு இலவச அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பலரும் தட்டம்மை ஊசி போட்டதை வைத்து இதுவும் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் நாட்களில் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணானால் பொருக்கு கட்டுவதே தள்ளிப்போகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கு டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின் கூடவே கூடாது, இபுப்ரோஃபென் கலந்த சிரப்பும் வேண்டாம். அடங்கிய காய்ச்சல் திரும்ப வந்தால், ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவி வலித்தால், நடை தள்ளாடினால், மூச்சு வாங்கினால், தண்ணீர் ஊற்றும் நாளைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தட்டம்மைக்குக் கணக்கே வேறு. நம் ஊரில் எல்லாவற்றையும் அம்மை என்று ஒரே பெயரில் சொல்வதால், பலருக்கும் இது இன்னொரு நோய் என்றே தோன்றுவதில்லை. மணல்வாரி என்றும் சொல்வார்கள், மணலை வாரி இறைத்த மாதிரி உடம்பெல்லாம் சிவந்திருக்கும். கொப்புளம் வராது. முதல் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு. பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தடிப்பு தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். இங்கே தோலில் காய்வதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். தடிப்பு தெரிந்த நாளை பூஜ்யம் என்று வைத்து, அதற்குப் பிறகு முழுதாக 4 நாள் வீட்டில். புதன் தடிப்பு தெரிந்தால் வியாழன் 1, வெள்ளி 2, சனி 3, ஞாயிறு 4. திங்களிலிருந்து அவனால் மற்றவருக்குப் பரவாது. தடிப்பு வந்த நாளையே 1 என்று எண்ணி ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடும் தப்பைப் பள்ளிகளிலேயே செய்கிறார்கள்.

ஆனால் பரவாது என்பதும் பிள்ளை தேறிவிட்டான் என்பதும் ஒன்றல்ல. தட்டம்மை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பலவீனமாக்கிவிடும். நிமோனியா, காதுச் சீழ், வயிற்றுப்போக்கு எல்லாம் தடிப்பு மங்கும் நேரத்தில்கூட வரும். அதனால் திங்கள் முதல் போகலாம் என்பது மற்றவர்களுக்கான கணக்கு. சரியாகச் சாப்பிட்டு, ஓடியாடி விளையாடும்வரை, அது பத்து நாளானாலும், வீட்டில் வைத்திருங்கள். வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும், ஒரு வயதுக்கு மேல் என்றால் ஒரு தவணைக்கு 2 லட்சம் யூனிட். முன்பே சொட்டு கொடுத்திருந்தாலும் இதைக் கொடுப்பார்கள், டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு தடிப்பு என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுத்து அனுப்பி உறுதி செய்வார்கள், சுற்றுவட்டாரத்தில் ஊசி விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் போடுவார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது நானும் பள்ளி பள்ளியாகப் போனேன். அதன் பிறகு பிறந்தவர்களுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. உங்கள் மகளின் அட்டையில் இரண்டும் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்று: தட்டம்மைக் கிருமி, பிள்ளை போன பிறகும் அந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். சீட்டு வாங்கும் இடத்திலேயே "காய்ச்சல், தடிப்பு" என்று சொல்லி வெளியே மரத்தடியில் நில்லுங்கள், கூப்பிட்டதும் போகலாம். சின்னம்மைக்கும் அப்படியே.

கை கால் வாய் நோயில் மேலே சொன்ன இரண்டு கணக்கும் உதவாது. தக்காளிக் காய்ச்சல் என்று சிலர் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், வாய்க்குள் புண். கிருமி முழுதும் போகும்வரை காத்திருப்பது என்றால் முடியாது, ஏனென்றால் பிள்ளை நன்றான பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அவ்வளவு நாள் எந்த அங்கன்வாடியும் பிள்ளையை நிறுத்த முடியாது. முதல் வாரத்தில்தான் பரவும் வேகம் அதிகம், ஆகவே அந்த வாரத்தைத் தாண்டினால் போதும். மருந்தில்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லை, வாய்ப் புண் ஆறி எச்சில் ஒழுகாமல் சோறு உள்ளே போகிறது, கொப்புளங்கள் வற்றிவிட்டன என்றால் அனுப்பலாம். பெரும்பாலும் 5 முதல் 7 நாள். அதன் பிறகு உள்ளங்கைத் தோல் உரிந்தாலோ, ஒரு மாதம் கழித்து நகம் கழன்று விழுந்தாலோ பயந்து திரும்ப நிறுத்தாதீர்கள். அது பழைய நோயின் சுவடு, பரவாது, புது நகம் வளரும். கழிப்பறை போய்வந்ததும், டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைச் சில வாரம் விடாமல் செய்யுங்கள். சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாக வேலை செய்யாது. வாய்ப் புண்ணால் தண்ணீரே குடிக்காமல் 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றாலோ, தூக்கத்தில் உடம்பு திடீர் திடீரென்று தூக்கிப் போட்டாலோ, அன்றே காட்ட வேண்டும்.

பள்ளியில் 15 நாள் என்று பிடிவாதமாக இருந்தால் டாக்டரிடம் "எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டிவிட்டது, பள்ளிக்கு வரலாம்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. விடுப்புக் கடிதத்தில் வயிற்று வலி, காய்ச்சல் என்று எழுதாமல் சின்னம்மை என்றே எழுதுங்கள். முதல் கொப்புளம் தெரிந்த தேதியையும் கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதியையும் சேர்த்து எழுதினால், வகுப்பில் யாராவது கர்ப்பிணியோ நோயாளிப் பிள்ளையோ இருந்தால் அவர்களும் அந்த 10 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்கலாம். பள்ளிக்கு அவன் கடைசியாகப் போனது வெள்ளி என்றால் அவர்களுக்கு வரும் திங்களோடு கெடு முடிகிறது. அதனால் கடிதம் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம், வகுப்பு ஆசிரியருக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.